கேனோபிக்கு எந்த ஒளி? மலைப்பாதைப் பெட்ரோல் பங்க் ஒன்றின் இரவுக் காட்சிக்கு மூன்று வழிகள்

குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையோரம், இரவு பத்து மணிக்கு மேல் திறந்திருக்கும் ஒரு பெட்ரோல் பங்க்கில் நடக்கும் காட்சி ஒன்று நண்பரின் குறும்படத்துக்குத் தேவைப்பட்டது. உண்மையான பங்க்கில் ஜெனரேட்டரும் கேபிளும் சூடான விளக்குகளும் வைத்துப் படம் பிடிப்பது முடியாத காரியம். ஆகவே, பங்க் முழுவதையும் பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாணமாகக் கட்டி, நடிகர்களைப் பின்னர் அதில் பொருத்துவது என்று முடிவாயிற்று. எனக்கு வந்த பொறுப்பு இரண்டு ஷாட்கள். முதலாவது, பம்ப்பருகே நிற்கும் ஒருவரின் கண்மட்டத்திலிருந்து பங்க்கின் உட்புறத்தைக் காட்டுவது. இரண்டாவது, மேலே உள்ள கொண்டை ஊசி வளைவிலிருந்து கீழே அதே பங்க்கைக் காட்டுவது. சமவெளியில் யாரும் பெட்ரோல் பங்க்கின் கூரையை மேலிருந்து பார்ப்பதில்லை. நீலகிரியில் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தவர் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

பங்க்கின் மேற்கூரையான கேனோபியின் அடியில் ஒளியை உண்டாக்க மூன்று வழிகள் என் முன் இருந்தன. கூரையின் அடிப்பரப்பு முழுவதையும் ஒரே ஒளித்தகடாக ஆக்குவது ஒன்று. ஒவ்வொரு விளக்கின் முகத்துக்கும் ஒளிரும் மெட்டீரியல் கொடுப்பது மற்றொன்று. விளக்குக்கு ஒன்றாகத் தனித்தனி லைட்டுகளை வைத்து, அவை ஒளி வீசும் விதத்தையும் கட்டுப்படுத்துவது மூன்றாவது. எதை எடுப்பது என்று ஆராயப் புகுந்தபோது, அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய ஒரு வேலையை நான் தவறாக முடித்திருந்தது தெரியவந்தது.

அது கூரையின் உயரம். முதல் மாதிரியில் தரையிலிருந்து கூரையின் அடிப்பரப்பு வரை 3.6 மீட்டர் வைத்திருந்தேன். கணினித் திரையில் அது நன்றாகத்தான் இருந்தது. அகன்ற, தட்டையான கூரை தாழ்வாக இருந்தால் கம்பீரமாகத் தெரியும் என்பது என் எண்ணம். மலைப்பாதையில் பல ஆண்டுகள் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற எங்கள் தெருக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குள்ள லாரி எப்படிப் போகும்? டாப்புல இடிச்சிருமே" என்றார். சரக்கேற்றிய லாரி 4 மீட்டர் வரை உயரம் இருக்கும். ஆகவே கூரைக்கு அடியில் 5 மீட்டரோ அதற்குச் சற்று மேலோ இடைவெளி இல்லாத பங்க்கைப் பார்க்கிறவரின் கண் ஏற்காது. காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், பஸ் நிறுத்தத்தின் நிழற்குடையைப் பார்ப்பது போல் இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தோன்றிவிடும்.

உயரத்தைச் சரியாக அறிய ஓர் எளிய வழி உண்டு. பம்ப்புகளின் அருகில் கைப்பேசியை எடுக்கக் கூடாது என்பதால், சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து, ஜூம் செய்து, கேனோபியின் தூணருகே ஓர் ஆட்டோ நிற்கும் தருணத்தில் படம் எடுத்தேன். தூரத்திலிருந்து எடுப்பதால் கோணச் சிதைவும் குறைகிறது. ஆட்டோவின் உயரம் ஏறத்தாழ 1.7 மீட்டர், படத்தில் அதை அளவுகோலாக வைத்து எண்ணினால், மூன்று ஆட்டோக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற உயரத்தில் கூரையின் அடி இருந்தது. அதன்படி என் மாதிரியைத் திருத்தினேன்: கூரை 14 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், அடியில் 5 மீட்டர் இடைவெளி, சுற்றிலும் ஓடும் முகப்புப் பட்டை 90 சென்டிமீட்டர். பம்ப்பின் உயரம் 2.2 மீட்டர், அது நிற்கும் மேடை 15 சென்டிமீட்டர். அகலத்தோடு ஒப்பிட்டால் கூரையின் பட்டை பத்தில் ஒரு பங்கு மட்டுமே. அதைத் தடிமனாக்கும் ஆசை வரும்; ஆனால் தடிமன் கூடக் கூட, கூரை தூண்கள்மேல் கிடக்கும் கான்கிரீட் பாளம் போல் ஆகிவிடும்.

உயரத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவை நிழலில் பார்க்கலாம். பம்ப்பிலிருந்து கிடைமட்டமாக 2 மீட்டர் தள்ளி ஒரு விளக்கு இருக்கிறது என்று கொள்வோம். கூரை 5 மீட்டரில் இருந்தால் அந்த விளக்கு போடும் பம்ப்பின் நிழல் தரையில் சுமார் 1.6 மீட்டர் நீளும். கூரையை 3.6 மீட்டருக்கு இறக்கினால் அதே நிழல் 3.1 மீட்டர் ஆகிறது, அதாவது இரண்டு மடங்கு. தாழ்ந்த கூரையில் விளக்குகளை எவ்வளவு திருத்தினாலும் படம் பொய்யாகவே இருந்ததற்கு இதுவே காரணம். பங்க்கில் நிழல்கள் பம்ப்பின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும் என்பது நம் கண்ணுக்குப் பழகிய ஒன்று.

இனி விளக்குகள். கேனோபியில் நான்கு விளக்குகள் கொண்ட இரு வரிசைகள், மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் சதுரம், 75 வாட் எல்.இ.டி., வெளிவரும் ஒளி சுமார் 9000 லூமென். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பிளெண்டரில் லைட்டின் `Power` என்ற கட்டத்தில் கேட்கப்படும் வாட், மின்கட்டணத்தில் வரும் வாட் அல்ல; ஒளியாக வெளிப்படும் ஆற்றலின் வாட். 800 லூமென் எல்.இ.டி. பல்புக்கு 2.1 என்று அதன் கையேடே வழிகாட்டுகிறது. அந்த விகிதத்தில் நம் விளக்குக்கு வேண்டியது ஏறத்தாழ 24. விளக்கின் அட்டையைப் பார்த்து 75 என்று தட்டினால் பங்க் மூன்று மடங்கு பிரகாசமாகிவிடும். பின்னர் சாலையும் மலையும் இருண்டு தோன்றுவதால் அங்கேயும் ஒளியைக் கூட்டுவோம். கடைசியில் இரவு போய்விடும்.

முதல் வழியான ஒற்றை ஒளித்தகட்டை எடுத்துக்கொள்வோம். 14-க்கு 9 மீட்டர் அளவில் ஒரே `Area` லைட், எட்டு விளக்குகளின் மொத்தமான 192 வாட். ரெண்டர் வேகமாக முடிகிறது, புள்ளி இரைச்சலும் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் தரையின் நடுவில் விழும் வெளிச்சம் 340 லக்ஸை ஒட்டி வருகிறது. எட்டுத் தனி விளக்குகளுக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான். அதாவது தரை எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதை வைத்து இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. இந்த வழியை முதலில் எடுத்தவர்கள் ஏமாறுவதும் இதனால்தான்: எக்ஸ்போஷர் சரியாக இருக்கிறது, நிறம் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஏதோ இடிக்கிறது.

இடிப்பது நிழலும் பிரதிபலிப்பும். 30 சென்டிமீட்டர் விளக்கு போடும் பம்ப்பின் நிழல், மேடையருகே கூர்மையாகத் தொடங்கி, பம்ப்பின் தலைப்பகுதி விழும் இடத்தில் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் அளவுக்கு விளிம்பு கலங்கி முடியும். 9 மீட்டர் அகலத் தகட்டில் அந்தக் கலக்கம் 7 மீட்டர். அதாவது நிழலே இல்லை. தரையில் நிற்கும் ஸ்கூட்டர் தரையைத் தொடாமல் மிதப்பது போல் தெரிகிறது. காரின் பானெட்டிலும் மழை நனைத்த தரையிலும் எட்டு வெள்ளைச் சதுரங்கள் வரிசையாகத் தெரிய வேண்டிய இடத்தில் ஒரே பால்வண்ணத் தகடு படர்கிறது. மூன்றாவதாக ஒரு குறை, பலர் கவனிக்காதது: கூரையின் அடிப்பரப்பே ஒளிர்வதாக இந்த வழி காட்டுகிறது. உண்மையில் விளக்குகள் கூரைக்குள் பதிந்திருப்பதால் அடிப்பரப்பின் வெள்ளைத் தகடுகளுக்கு நேரடி ஒளி சிறிதும் கிடைப்பதில்லை. தரையில் விழுந்த ஒளி எழும்பி மேலே வருவதால்தான் அவை தெரிகின்றன. காய்ந்த கான்கிரீட் தரை என்றால் கூரையின் அடி, தரையில் பாதியளவு பிரகாசத்தோடு இருக்கும். மழை பெய்து தரை நனைந்து கறுத்துவிட்டால் கூரையும் மங்கும். அக்டோபர், நவம்பர் மழையில் கோத்தகிரிப் பக்கம் எந்தப் பங்க்கிலாவது நின்று மேலே பார்த்தால் இதை உணரலாம். விளக்குகள் கண்ணைக் கூசச் செய்யும், அவற்றுக்கு இடையிலுள்ள தகடுகள் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

இரண்டாவது வழியில், விளக்கின் கண்ணாடி முகத்துக்கு `Emission` கொடுத்து, `Strength` 70-ஐ ஒட்டி வைத்தால் அதே 24 வாட் லைட்டுக்கு ஈடான ஒளி கிடைக்கிறது. காணும் பொருளே ஒளி தருகிறது என்பதால் பிரதிபலிப்புகள் தாமாகவே சரியாகிவிடுகின்றன. நிழலும் சரியான அளவில் விழுகிறது. சிக்கல் நம் மனத்தில் எழுகிறது. ரெண்டரில் எட்டுச் சதுரங்களும் வெளுத்துப்போய், விவரம் ஏதும் இல்லாமல் தெரிவதைக் கண்டு பயந்து `Strength`-ஐக் குறைக்கத் தொடங்குகிறோம். விளக்கின் முகத்தில் விவரம் தெரியும் நேரத்தில் தரை இருண்டுவிடுகிறது. நான் கணக்கிட்டுப் பார்த்தேன்: விளக்கின் முகம், அதன் கீழுள்ள கான்கிரீட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பிரகாசமானது. தரை சரியாகத் தெரியும்படி எக்ஸ்போஷர் வைத்தால், சாதாரணக் கேமராவில் விளக்கின் முகம் வெளுத்தே போகும். ஆகவே வெளுத்துப்போவதுதான் உண்மை. அதைத் திருத்தக் கூடாது. திருத்தினால், பங்க்கின் விளக்குகள் காகிதத்தில் வெட்டி ஒட்டியவை போல் ஆகும். பிளெண்டரில் `AgX` என்ற நிற மாற்று முறை வந்த பிறகு வெளுப்பின் விளிம்புகள் மென்மையாக அமைவதால் இந்தப் பயத்துக்கு இடம் இன்னும் குறைந்திருக்கிறது.

ஆனால் இந்த வழிக்கு உண்மையான ஒரு வரம்பும் உண்டு. ஒளிரும் மெட்டீரியல் எல்லாத் திசைகளிலும், கிட்டத்தட்டக் கிடைமட்டம் வரை, ஒளியை வீசுகிறது. கேனோபி விளக்குகளோ கண் கூசாமல் இருப்பதற்காகப் பக்கவாட்டு ஒளியைக் குறைத்துச் செய்யப்படுபவை. வானம் தெளிவாக இருந்தால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. மலையில் வானம் தெளிவாக இருப்பதை நம்பி யாரும் கதை எழுதுவதில்லை. எங்கள் காட்சியில் மேகம் இறங்கியிருக்க வேண்டும். அப்போது பக்கவாட்டில் போகும் ஒவ்வொரு கதிரும் பனியில் சிதறி, கேனோபியைச் சுற்றி ஒரு வெண்பூசணியை உருவாக்கிவிடுகிறது.

மூடுபனியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் மூன்று வழிகளையும் அதுவே கெடுக்கவல்லது. பனியை உண்டாக்கும் `Volume Scatter`-இல் `Density` என்பது மனம்போன எண் அல்ல. ஒரு யூனிட் ஒரு மீட்டர் என்று வைத்திருந்தால், கண்ணுக்கு எட்டும் தூரத்தை 3.9-ஐ `Density`-ஆல் வகுத்துப் பெறலாம். 0.1 வைத்தால் 39 மீட்டர்தான் தெரியும். வாகனங்கள் ஹெட்லைட்டைத் தாழ்த்தி ஊர்ந்து செல்லும் பனி அது. 0.02 வைத்தால் சுமார் 200 மீட்டர் தெரியும். பங்க் தெளிவாகவும் சாலைக்கு அப்பாலுள்ள சில்வர் ஓக் மரங்கள் மங்கலாகவும் இருக்கும். எங்களுக்கு வேண்டியது இதுவே. `Anisotropy`-ஐ 0.8-க்கு அருகில் வைக்க வேண்டும், ஏனெனில் பனித்துளிகள் ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிக்கின்றன. அதைப் பூஜ்யத்தில் விட்டால் பனி புகையாகிவிடும், பங்க்கில் தீப்பிடித்தது போலவும் தெரியும்.

மூன்றாவது வழியில் எட்டுத் தனி `Area` லைட்டுகள், ஒவ்வொன்றும் விளக்கின் அளவில், கூரையின் அடிப்பரப்புக்குச் சற்றுக் கீழே. `Spread` என்ற கட்டம் 180 பாகையில் இருக்கும். அதை 130-க்குக் குறைத்தால் பக்கவாட்டு ஒளி அடங்குகிறது. விளக்கின் முகம் கண்ணுக்குத் தெரிய, ஒளிரும் மெல்லிய தகடு ஒன்றைத் தனியே வைத்து, லைட்டைக் கேமராவுக்கு மறைத்துவிட்டேன். எட்டையும் கையால் வைப்பதைவிட இப்படி வைப்பது எளிது:

```python
import bpy, math
for x in (-5.25, -1.75, 1.75, 5.25):
    for y in (-2.25, 2.25):
        bpy.ops.object.light_add(type='AREA', location=(x, y, 4.98))
        d = bpy.context.object.data
        d.size = 0.3
        d.energy = 24
        d.spread = math.radians(130)
```

இதிலேயே இன்னும் ஒரு படி மேலே போய், விளக்குத் தயாரிப்பாளர்கள் தரும் ஐ.இ.எஸ். கோப்பைப் பயன்படுத்தலாம். எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி போகிறது என்பதை அளந்து எழுதிய கோப்பு அது. நான் முயன்று பார்த்தேன். வேறுபாடு தெரிந்த இடங்கள் இரண்டு: தூணின் மேற்பகுதி, பங்க்குக்குப் பின்னால் மலையைச் செதுக்கிக் கட்டிய தாங்குசுவர். மற்ற இடங்களில் `Spread` வைத்த லைட்டே போதும். தவிர, `IES Texture` என்ற நோட் பிளெண்டரின் `Cycles` ரெண்டர் எஞ்சினில் மட்டுமே இயங்கும். வேகமான `EEVEE` எஞ்சினில் முன்னோட்டம் பார்க்கிறவருக்கு அது கிடைக்காது. வழக்கமாக அதைப் பாயின்ட் லைட்டில் இணைப்பார்கள், `Radius`-ஐ 0.15 ஆக்க மறந்துவிட்டால் நிழல்கள் பிளேடால் கீறியது போல் விழுந்து, இவ்வளவு உழைப்பையும் வீணாக்கிவிடும். தாங்குசுவர் படத்தில் பெரிதாக வராத வரை ஐ.இ.எஸ். வேண்டாம் என்பது என் கருத்து.

தனி விளக்குகள் தரும் நிழலை நெருங்கிப் பார்த்தால் இந்த வழியின் தகுதி விளங்கும். பம்ப்பின் அடியில் ஒரே கரிய நிழல் இல்லை. எட்டு விளக்குகளில் ஒன்றை மறைத்தால் அந்த இடத்தின் வெளிச்சம் அதிகம் போனால் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆகவே மேடையைச் சுற்றிப் பூவிதழ்கள் போல் மெல்லிய நிழல்கள் பல திசைகளில் விரிந்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் மட்டும் சற்று அடர்கின்றன. பம்ப்பில் தொங்கும் ஹோஸின் நிழல்கூட அப்படித்தான், நான்கைந்து வெளிறிய கோடுகளாக. வாகனத்தின் அடிவயிற்றில் மட்டும் நல்ல இருட்டு. சரியாக அமைந்திருக்கிறதா என்று சோதிக்க நான் பார்ப்பது இந்த ஓர் இடத்தையே: பம்ப்பின் காலடியில் ஒற்றை நிழல் தெரிந்தால் விளக்கு குறைவு அல்லது தாழ்வு, நிழலே தெரியாவிட்டால் ஒளிமூலம் பெரிது.

வெளியே உள்ள சாலைக்கும் இதே கறார்த்தனம் தேவை. பங்க்கின் நடுவில் 340 லக்ஸ், சாலை விளக்கின் கீழ் 10 லக்ஸ் என்று வைத்தேன். ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு ஒளி, அந்தக் கணக்கில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஐந்து ஸ்டாப் இடைவெளி. பங்க்கைச் சரியாகக் காட்டும் எக்ஸ்போஷரில் சாலை கிட்டத்தட்டக் கறுப்பு, அதற்கப்பால் தேயிலைச் சரிவு முழுக் கறுப்பு. என் காட்சியில் `Exposure` 2 அளவில் நின்றது. இயக்குநர் தேயிலைச் செடிகள் தெரிய வேண்டும் என்று கேட்டார். நிலவொளியைக் கூட்டாமல், பங்க்குக்கு மிக அருகிலுள்ள இரண்டு வரிசைச் செடிகளைக் கேனோபியின் ஓரத்திலிருந்து சிந்தும் ஒளி தொடும் தூரத்துக்கு நகர்த்தினேன். அவருக்கும் நிறைவு, இரவும் தப்பித்தது.

ஆக, கண்மட்ட ஷாட்டுக்கு மூன்றாவது வழி. பனி இல்லாத இரவாக இருந்திருந்தால் இரண்டாவதையே எடுத்திருப்பேன்; அமைக்க எளிது, விளைவும் ஏறத்தாழ ஒன்றே.

மேல் வளைவிலிருந்து பார்க்கும் ஷாட்டில் கணக்கு தலைகீழாகிறது. அங்கிருந்து விளக்கின் முகம் தெரியாது, பம்ப்பின் காலடி தெரியாது, பானெட்டின் பிரதிபலிப்பும் தெரியாது. தெரிவன கூரையின் மேற்பரப்பு, அதைச் சுற்றியுள்ள பட்டையின் மேல்விளிம்பு, நான்கு பக்கமும் தரையில் சிந்தும் ஒளி, அந்த ஒளி பனியில் எழும்பும் மங்கல். தட்டை என்று நாம் சொல்லும் கூரை உண்மையில் தட்டையானதல்ல. பட்டைக்குப் பின்னால் தகரத் தகடுகள் உள்நோக்கிச் சற்றே சரிந்து, நடுவில் ஓடும் நீர்க்கால்வாயில் மழைநீரை விடுகின்றன. அது தூணையொட்டிய குழாய் வழியே இறங்குகிறது. கீழிருந்து பார்க்கும் ஷாட்டுக்கு இதையெல்லாம் கட்டத் தேவையே இல்லை. இந்த ஷாட்டிலோ கட்டாவிட்டால் ஒளிவட்டத்தின் நடுவில் ஒரு கறுப்பு அட்டை மிதக்கும். ஒளியைப் பொறுத்தவரை, ஒற்றைத் தகடே இங்கு போதும். பனியோடு எட்டு லைட்டுகளை ரெண்டர் செய்தபோது இரைச்சலைத் தீர்க்கப் பல மடங்கு நேரம் பிடித்தது. தகட்டில் அந்தத் தொல்லை இல்லை, பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இரண்டுக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டு ஷாட்களிலும் வெவ்வேறு வழிகளைக் கையாண்டால், அடுத்தடுத்துக் காட்டும்போது பிரகாசம் மாறித் தெரியும் அபாயம் இருக்கிறது. இதற்காகப் பங்க்கின் நடுத் தரையில் ஒரு மீட்டர் சாம்பல் சதுரம் ஒன்றைக் கிடத்தி, சோதனைக்காகக் கூரையை மறைத்து மேலிருந்து இரண்டு அமைப்பிலும் ஒரு முறை ரெண்டர் செய்து, சதுரத்தின் மேல் வலது சுட்டியை அழுத்தி எண்ணைப் படித்தேன். `Spread` குறுக்கியதால் தனி விளக்குகளில் தரை சற்று அதிகம் பிரகாசித்தது. இரண்டு எண்களும் ஒன்றாகும் வரை தகட்டின் வாட்டை ஏற்றிவிட்டு, சதுரத்தை அழித்தேன்.